ஆய்வுக் கட்டுரைக்கு ரிக்ரெஷன் அட்டவணை தயாரிப்பது எப்படி: ஒரு தோட்டப்புற உதாரணத்தோடு முழு வழிகாட்டி

சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களில் வளர்ந்த பிள்ளைகள் பலர் இப்போது முதுகலை ஆய்வு செய்கிறார்கள். அவர்களில் சிலர் கட்டுரை வரைவை என்னிடம் காட்டுவதுண்டு. முன்னுரை நன்றாக இருக்கும், கள ஆய்வும் கஷ்டப்பட்டுச் செய்ததாக இருக்கும். ஆனால் முடிவுகள் பகுதிக்கு வந்தால் SPSS திரையைப் படம்பிடித்து அப்படியே ஒட்டியிருப்பார்கள். `Beta` ஒரு பக்கம், `Sig.` ஒரு பக்கம், அதற்குள் `.000` என்று ஒரு வரிசை. கணினி நமக்குக் காட்டுவது வேலைத்தாள். வாசகருக்குக் கொடுக்க வேண்டியது அதிலிருந்து தேர்ந்தெடுத்து அமைத்த அட்டவணை.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொண்டு தொடக்கத்திலிருந்து செய்து பார்ப்போம். கேள்வி இது: தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குக் கூடுதலாக ஓர் ஆண்டு பள்ளிப் படிப்பு இருந்தால் மாத வருமானம் எவ்வளவு கூடுகிறது? 12 தோட்டங்களைச் சேர்ந்த 412 பேரிடம் தகவல் வாங்கியதாக வைத்துக்கொள்வோம். எண்கள் எல்லாம் விளக்கத்துக்காக நான் போட்டவை, உண்மைக் கணக்கெடுப்பில் வந்தவை அல்ல. எங்கும் மேற்கோள் காட்டிவிடாதீர்கள்.

## முதலில், எந்தக் கெழுவுக்காக இந்த அட்டவணை?

நம் அட்டவணையின் நாயகன் ஒரே ஒரு கெழுதான்: படித்த ஆண்டுகளின் கெழு. அது முதல் வரியில் வர வேண்டும். வேலை அனுபவம், பால் ஆகியவை அதற்குத் துணையாக வருகிற மாறிகள், அவை கீழே வரட்டும். மாறிகளைத் தரவுக் கோப்பில் இருக்கும் வரிசையிலேயே போட்டால் முக்கியமான எண் ஏழாவது வரியில் ஒளிந்துகொள்ளும்.

நிரல்கள் மூன்று போதும். (1) படிப்பு மட்டும். (2) அதோடு அனுபவமும் பாலும். (3) அதே மாறிகளோடு ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு ஃபிக்ஸட் எஃபெக்ட். மூன்றாவது ஏன் தேவை என்றால், தோட்டத்துக்குத் தோட்டம் நிலைமை வேறு. சில தோட்டங்கள் 1950களில் துண்டு போடப்பட்டு விற்கப்பட்டன. பெரிய கம்பெனியின் கையிலேயே இருந்தவை சில, டவுனுக்கு ஒட்டியிருப்பவை சில, உள்ளே தள்ளியிருப்பவை சில. டவுனுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் படிப்பும் அதிகம், வேலையும் அதிகம் என்றால், படிப்பின் கெழுவில் தோட்டத்தின் சாதகமும் கலந்துவிடும். ஃபிக்ஸட் எஃபெக்ட் போட்டால் ஒரே தோட்டத்து ஆட்களை ஒருவரோடு ஒருவர் ஒப்பிடுகிறோம். நிரல்களின் வரிசையைப் பார்த்தாலே இந்த வாதம் தெரிய வேண்டும். வெறுமனே மாறிகளைக் கூட்டிக்கொண்டே போகும் ஏழெட்டு நிரல் யாருக்கும் உதவாது.

## மாறிகளைச் சரிபண்ணுவது

வருமானத்தை ரிங்கிட்டாக வைக்காமல் அதன் லாக் மதிப்பை எடுக்கிறோம். பிறகு கெழுவைக் கிட்டத்தட்ட விழுக்காடாகப் படிக்கலாம்.

படித்த ஆண்டுகள் என்பது கேட்க எளிது, நம் ஊரில் அவ்வளவு எளிதல்ல. ஆறாம் ஆண்டோடு நின்றவருக்கு 6, மூன்றாம் படிவம் வரை என்றால் 9, எஸ்பிஎம் என்றால் 11, எஸ்டிபிஎம் என்றால் 13. சரி, தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு இடைநிலைப் பள்ளிக்குப் போகும்போது ரிமூவ் வகுப்பில் ஓராண்டு இருந்தவரை என்ன செய்வது? அதைச் சேர்த்தால் எஸ்பிஎம் 12 ஆகிவிடும். சேர்க்காவிட்டால் அந்த ஓராண்டு வேலை அனுபவத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும், ஏனென்றால் அனுபவத்தை வயதிலிருந்து படித்த ஆண்டுகளைக் கழித்துத்தான் கணக்கிடுகிறோம். இங்கே ரிமூவ் ஆண்டைப் படிப்பில் சேர்க்காமல் அனுபவத்திலிருந்தும் கழித்துவிடுகிறேன். நீங்கள் வேறு விதமாகச் செய்யலாம். ஆனால் எப்படிச் செய்தீர்கள் என்பது அட்டவணையின் குறிப்பில் வந்தாக வேண்டும்.

அனுபவத்தின் வர்க்கத்தை 100ஆல் வகுத்துவிடுங்கள். அப்படியே விட்டால் கெழு -0.00048 போல வரும், மூன்று தசமத்தில் அது -0.000 என்று அச்சாகும். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் நிற்பதைப் பார்த்தால் யாருக்கும் ஒன்றும் புரியாது.

இன்னொன்று மாதிரி எண்ணிக்கை. 412 பேரில் 14 பேர் வயதைச் சொல்லவில்லை என்று வையுங்கள். மென்பொருள் சத்தமில்லாமல் முதல் நிரலை 412 பேரோடும் மற்ற இரண்டை 398 பேரோடும் ஓட்டிவிடும். அப்போது கெழு மாறியது புதிய மாறிகளாலா, ஆட்கள் மாறியதாலா என்று சொல்லவே முடியாது. எனவே எல்லாத் தகவலும் உள்ள 398 பேரை முதலிலேயே பிரித்தெடுத்து, மூன்று நிரலையும் அவர்களோடு மட்டும் ஓட்ட வேண்டும்.

R இலவசம் என்பதால் அதையே எடுத்துக்கொள்கிறேன்:

```r
library(fixest)
library(modelsummary)

d <- read.csv("siput.csv")
d$exper2 <- d$exper^2 / 100
v <- c("lnincome", "school", "exper", "female", "estate")
d <- d[complete.cases(d[, v]), ]

m1 <- feols(lnincome ~ school,
            data = d, cluster = ~estate)
m2 <- feols(lnincome ~ school + exper + exper2 + female,
            data = d, cluster = ~estate)
m3 <- feols(lnincome ~ school + exper + exper2 + female | estate,
            data = d, cluster = ~estate)
```

## நட்சத்திரம் எங்கிருந்து வருகிறது

வழிகாட்டியின் முக்கியப் பகுதி இதுதான், கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். கெழுவின் பக்கத்தில் போடும் நட்சத்திரம் அதன் முக்கியத்துவ நிலையைக் காட்டுவது. நம் அட்டவணையில் ஒன்று 10 விழுக்காடு, இரண்டு 5 விழுக்காடு, மூன்று 1 விழுக்காடு. நட்சத்திரம் கெழுவின் குணம் என்று பலர் நினைக்கிறார்கள். கெழுவைத் திட்டப்பிழையால் வகுத்தால் வருகிற எண்ணைப் பொறுத்தது அது. திட்டப்பிழையைக் கணக்கிடும் முறையை மாற்றினால், கெழு அசையாமல் இருக்க, நட்சத்திரம் மட்டும் கூடும் குறையும்.

மூன்றாவது நிரலில் படிப்பின் கெழு 0.052 என்று வந்திருக்கிறது. `cluster = ~estate` என்று போடாமல் சாதாரணத் திட்டப்பிழையை எடுத்தால் 0.014 வருகிறது என்று கொள்வோம். வகுத்தால் 3.7. மூன்று நட்சத்திரம், வீட்டில் கொண்டாட்டம்.

ஆனால் அந்த 0.014, 398 பேரும் ஒருவரோடு ஒருவர் சம்பந்தமில்லாத 398 தகவல்கள் என்று எண்ணிக்கொண்டு வந்தது. தோட்டத்தில் அப்படி இல்லை. ஒரே நிர்வாகி, ஒரே கூலி முறை. குலை நன்றாக வரும் மாதத்தில் செம்பனை வெட்டுபவர்கள் எல்லாருக்கும் சேர்ந்து கூடும், மழை பிடித்துக்கொண்டால் பால்மரம் சீவுபவர்கள் எல்லாருக்கும் சேர்ந்து குறையும். ஒரு லயத்தில் பத்துப் பேரைக் கேட்டாலும் பத்துத் தனித் தகவல் கிடைத்துவிடாது. தோட்ட வாரியாகக் கொத்தாக எடுத்துக் கணக்கிட்டால் திட்டப்பிழை 0.025 ஆகிறது. 0.052ஐ 0.025ஆல் வகுத்தால் 2.08.

இப்போது 2.08க்கு எத்தனை நட்சத்திரம்? 1.96ஐத் தாண்டிவிட்டதே, இரண்டு என்று கை போகும். இயல்நிலைப் பரவலின்படி p மதிப்பு ஏறத்தாழ 0.04தான். ஆனால் நம்மிடம் இருப்பது 12 கொத்து. அப்போது பார்க்க வேண்டியது 11 கட்டின்மைப் பாகை உள்ள t பரவல். அதில் 5 விழுக்காட்டு எல்லை 2.201, 10 விழுக்காட்டு எல்லை 1.796, 1 விழுக்காட்டு எல்லை 3.106. நம் 2.08 ஐந்தின் எல்லையைத் தொடவில்லை, p ஏறத்தாழ 0.06. ஒரே ஒரு நட்சத்திரம்தான். அதே தரவு, அதே 0.052, ஆனால் மூன்று இரண்டாகி, இரண்டு ஒன்றாகிவிட்டது.

இதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. கொத்து முறையின் கணக்கு கொத்துகள் நிறைய இருக்கும்போதுதான் நன்றாக வேலை செய்யும். முப்பது நாற்பதாவது வேண்டும் என்பது வழக்கமான எதிர்பார்ப்பு. பன்னிரண்டு என்றால், அதிலும் ஒரு தோட்டத்தில் 90 பேர், இன்னொன்றில் 8 பேர் என்று ஏறுமாறாக இருந்தால், திட்டப்பிழை உள்ளதைவிடச் சிறியதாகவே வரக்கூடும். இதற்குப் பொருளியலாளர்கள் பயன்படுத்துவது வைல்ட் கிளஸ்டர் பூட்ஸ்ட்ராப் என்ற முறை. காமரன், கெல்பாக், மில்லர் மூவரும் 2008இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு அது பரவலாயிற்று. ஸ்டேட்டாவில் `boottest` கட்டளை இதைச் செய்யும். நாயகக் கெழுவுக்கு மட்டும் இந்த p மதிப்பை எடுத்துக் குறிப்பில் ஒரு வரி சேர்த்தால் போதும். விமர்சகர் கேட்கப்போகும் முதல் கேள்வி பெரும்பாலும் அதுதான்.

நட்சத்திரத்துக்கு உலகப் பொது அளவு கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள். பொருளியலில் ஒன்று, இரண்டு, மூன்று நட்சத்திரம் என்றால் பெரும்பாலும் 10, 5, 1 விழுக்காடு. உளவியலிலும் சமூகவியலிலும் 5, 1, 0.1 என்பதே வழக்கம். மென்பொருளும் அப்படித்தான். ஸ்டேட்டாவில் `esttab` எதுவும் சொல்லாமல் ஓட்டினால் 5, 1, 0.1 போடும். அதோடு அடைப்புக்குறிக்குள் திட்டப்பிழையை அல்ல, t மதிப்பைப் போடும். `se` என்று கேட்டால்தான் திட்டப்பிழை வரும். அடைப்புக்குறிக்குள் 2.08 என்று கண்டால், கெழு 0.052க்குத் திட்டப்பிழை இவ்வளவு பெரிதா என்று வாசகர் திகைப்பார். கெழு சிறியதாகவும் அடைப்புக்குறி எண்கள் 2, 3, 4 என்றும் ஓடினால், அது t மதிப்பு என்று சந்தேகப்படுங்கள்.

எனவே அளவைக் கட்டளையில் நீங்களே எழுதிவிடுங்கள்:

```r
modelsummary(list("(1)" = m1, "(2)" = m2, "(3)" = m3),
  fmt = 3,
  stars = c("*" = 0.10, "**" = 0.05, "***" = 0.01),
  coef_omit = "Intercept",
  gof_map = c("nobs", "r.squared"),
  output = "table2.docx")
```

பிறகு `summary(m3)` ஓட்டி, அதில் உள்ள p மதிப்பும் வேர்ட் கோப்பில் விழுந்த நட்சத்திரமும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். `summary` தானாகப் போடும் குறிகளைப் பார்க்காதீர்கள், அவற்றின் அளவு வேறு. எண்ணை மட்டும் பாருங்கள்.

## அட்டவணை

மாறிகளின் பெயரைத் தமிழாக்கி, தோட்டம் பற்றிய இரண்டு வரிகளைக் கையால் சேர்த்து, கோடுகளைக் குறைத்தபின் இப்படி இருக்கும்:

அட்டவணை 2. பள்ளிப் படிப்பும் மாத வருமானமும் (சார்ந்த மாறி: மாத வருமானத்தின் லாக்)

| | (1) | (2) | (3) |
|---|---|---|---|
| படித்த ஆண்டுகள் | 0.084*** | 0.071*** | 0.052* |
| | (0.019) | (0.020) | (0.025) |
| அனுபவம் (ஆண்டு) | | 0.031** | 0.029** |
| | | (0.012) | (0.012) |
| அனுபவத்தின் வர்க்கம் / 100 | | -0.048* | -0.045* |
| | | (0.024) | (0.024) |
| பெண் | | -0.213** | -0.198** |
| | | (0.081) | (0.084) |
| தோட்ட ஃபிக்ஸட் எஃபெக்ட் | இல்லை | இல்லை | உண்டு |
| மாதிரி எண்ணிக்கை | 398 | 398 | 398 |
| தோட்டங்கள் | 12 | 12 | 12 |
| R² | 0.118 | 0.203 | 0.261 |

வடிவம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மூன்று தசமம் போதும், அதை எல்லா வரியிலும் ஒரேபோல வையுங்கள். 398 பேரின் தரவுக்கு 0.0523817 என்று எழுதுவது வெறும் பாவனை. திட்டப்பிழை அதன் கெழுவுக்கு நேர் கீழே, அடைப்புக்குறிக்குள் வரட்டும். நட்சத்திரம் கெழுவின் மேல் நிற்கும், திட்டப்பிழையின் மேல் அல்ல. செங்குத்துக் கோடு வேண்டாம். 11 தோட்டங்களின் கெழுக்களைத் தனித்தனி வரியாகப் போட வேண்டாம், 'உண்டு' என்ற ஒரு சொல் போதும். படமாக ஒட்டாமல் வேர்டில் உண்மையான அட்டவணையாக வையுங்கள், இதழின் அச்சுப் பணியாளர் உங்களைத் திட்ட மாட்டார்.

SPSS பயன்படுத்துபவர்களுக்கு இரண்டு விஷயம். எடுக்க வேண்டியது `B` நிரல். `Beta` என்பது எல்லா மாறியையும் திட்ட விலக்கத்தால் அளந்து வருவது, அதற்குக் கீழே `B`இன் திட்டப்பிழையை வைத்தால் இரண்டும் பொருந்தாது. `Sig.` என்ற இடத்தில் `.000` என்று இருந்தால் p பூஜ்யம் என்று பொருளில்லை. மூன்று தசமத்தில் அவ்வளவுதான் தெரிகிறது. கட்டுரையில் p < 0.001 என்று எழுதுங்கள்.

## குறிப்பு

குறிப்பை எழுதும்போது இப்படி நினைத்துக்கொள்ளுங்கள்: கட்டுரையின் மற்ற பக்கங்கள் தொலைந்துபோய் இந்த ஒரு தாள் மட்டும் ஒருவர் கையில் கிடைக்கிறது. அவருக்கு இது புரிய வேண்டும். நம் அட்டவணைக்கு நான் எழுதுவது:

> குறிப்பு: சாதாரண மீச்சிறு வர்க்க முறை மதிப்பீடுகள். அடைப்புக்குறிக்குள் தோட்ட வாரியாகக் கொத்தாக்கிய திட்டப்பிழைகள். முக்கியத்துவ நிலை 11 கட்டின்மைப் பாகை உள்ள t பரவலின்படி கணக்கிடப்பட்டது. படித்த ஆண்டுகளில் ரிமூவ் வகுப்பு சேர்க்கப்படவில்லை. அனுபவம் = வயது - படித்த ஆண்டுகள் - ரிமூவ் ஆண்டு - 6. வயது தெரியாத 14 பேர் எல்லா நிரல்களிலிருந்தும் நீக்கப்பட்டுள்ளனர். (1), (2) நிரல்களில் மாறிலி சேர்க்கப்பட்டது, இங்கே காட்டப்படவில்லை. * p < 0.10, ** p < 0.05, *** p < 0.01.

இதில் ஒவ்வொரு வாக்கியமும் யாரோ கேட்கக்கூடிய ஒரு கேள்விக்குப் பதில். 'திட்டப்பிழைகள் அடைப்புக்குறிக்குள்' என்று மட்டும் எழுதி விட்டுவிடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் குறை. எந்தத் திட்டப்பிழை என்று சொல்லாவிட்டால், மேலே பார்த்தபடி, நட்சத்திரத்துக்கு மதிப்பே இல்லை. மென்பொருள் தானாகச் சேர்க்கும் குறிப்பும் அட்டவணையின் அடியில் இருக்கும். இரண்டையும் விட்டுவைத்தால் நட்சத்திர விளக்கம் இருமுறை வரும், ஒன்றை நீக்கிவிடுங்கள்.

## அட்டவணையைப் பற்றி உரையில் எழுதுவது

படிப்பின் கெழு 0.084 என்பதை ஓர் ஆண்டுக்கு ஏறத்தாழ 8 விழுக்காடு என்று எழுதலாம். சிறிய கெழுவுக்கு இந்தக் குறுக்குவழி பரவாயில்லை. 'பெண்' மாறியின் -0.213க்கு அது சரிவராது. அதை 21 விழுக்காடு குறைவு என்று எழுதினால் தவறு. exp(-0.213) - 1 என்று கணக்கிட்டால் -0.192, அதாவது 19 விழுக்காடு குறைவு.

R² 0.203லிருந்து 0.261க்கு ஏறியதைப் பார்த்து, மூன்றாவது நிரலில் படிப்பு அதிகம் விளக்குகிறது என்று எழுதிவிடாதீர்கள். அந்த ஏற்றம் தோட்டங்களுக்காகப் போட்ட 11 போலி மாறிகளால் வந்தது.

அடுத்தது, வரைவுகளில் திரும்பத் திரும்ப வரும் ஒரு வாக்கியம்: 'தோட்டத்தைக் கட்டுப்படுத்தியதும் படிப்பின் தாக்கம் மறைந்துவிட்டது.' மூன்று நட்சத்திரம் ஒன்றானதைப் பார்த்து எழுதுவது. நம்பிக்கை இடைவெளியைப் போட்டுப் பாருங்கள். 0.052லிருந்து 2.201 × 0.025, அதாவது 0.055ஐக் கழித்தும் கூட்டியும் பார்த்தால் -0.003 முதல் 0.107 வரை வருகிறது. பூஜ்யமும் இதற்குள் இருக்கிறது, இரண்டாம் நிரலின் 0.071உம் இதற்குள் இருக்கிறது. ஆக, தாக்கம் மறைந்தது என்று சொல்ல ஆதாரமில்லை, மாறாமல் நிற்கிறது என்று அடித்துச் சொல்லவும் ஆதாரமில்லை. நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: 'ஒரே தோட்டத்து ஆட்களை ஒப்பிடும்போது கெழு 0.071லிருந்து 0.052ஆகக் குறைகிறது. 95 விழுக்காட்டு நம்பிக்கை இடைவெளி -0.003 முதல் 0.107 வரை விரிந்திருப்பதால், 12 தோட்டங்களைக் கொண்டு இந்தத் தாக்கத்தின் அளவைத் துல்லியமாகச் சொல்ல முடியவில்லை.' சுவாரஸ்யம் குறைவுதான். ஆனால் விமர்சகர் கை வைக்க இடமிருக்காது.

அனுப்புமுன் இதழின் விதிமுறையைத் திறந்து பாருங்கள். அமெரிக்கன் எகனாமிக் ரெவ்யூ போன்ற இதழ்கள் நட்சத்திரமே போடாதே, திட்டப்பிழையை மட்டும் அடைப்புக்குறிக்குள் கொடு என்கின்றன. அப்படி ஓர் இதழுக்கு அனுப்புவதாக இருந்தால் கட்டளையில் `stars` வரியையும் குறிப்பின் கடைசி வரியையும் எடுத்துவிட்டு, உரையில் நம்பிக்கை இடைவெளியை வைத்துக்கொள்ளுங்கள். மற்றபடி அட்டவணையில் எதையும் மாற்ற வேண்டியதில்லை.